பெக்கும் மிதவையும், ரூபாய் 203இல் நின்ற கதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். 2022 மார்ச்சில், ஒரு டொலருக்கு 203 ரூபாய் என்று பிடித்து வைத்திருந்த விலையை விட்டுவிட்டு ரூபாயை மிதக்க விட்ட பிறகு, பாடம் முடிந்தும் போகாமல் நின்ற பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வந்த பெற்றோரும் என்னிடம் கேட்ட சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, விடைகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இலங்கை ரூபாயின் கதைதான் அதிகம். வேறு நாடுகள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வருகின்றன. முதலிலிருந்து ஒழுங்காக வாசித்தால் நல்லது, பின்னால் வருகிற விடைகள் முன்னால் சொன்னதை வைத்துக்கொண்டுதான் போகின்றன.

1. சேர், பெக் எண்டா என்ன? மிதக்க விடுறது எண்டா என்ன?

பெக் என்றால் முளை, மாடு கட்டுகிற முளைதான். ஒரு நாட்டின் நாணயத்தை இன்னொரு நாணயத்தோடு, பெரும்பாலும் டொலரோடு, ஒரு குறிப்பிட்ட விலையில் கட்டி வைப்பதை அப்படிச் சொல்கிறார்கள். சவூதி ரியால் 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75. கட்டார் ரியால் 3.64. அங்கே வேலை செய்யும் உங்கள் மாமாவோ அண்ணாவோ ரியாலுக்கு எத்தனை டொலர் என்று காலையில் எழும்பிப் பார்ப்பதில்லை. அது மாறாது என்று அவருக்குத் தெரியும்.

மிதக்க விட்டால் வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்து விலையைத் தீர்மானிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நிர்வகிக்கப்படும் மிதவை. அதில் விலையைச் சந்தைதான் தீர்மானிக்கும், ஆனால் ஆட்டம் கடுமையாகும்போது மத்திய வங்கி இறங்கி டொலரை விற்கும் அல்லது வாங்கும். இந்திய ரூபாய் 1993 முதல் இந்த முறையில்தான் இருக்கிறது.

2. ஒரு விலையைப் பிடிச்சு வைக்கிறதுக்கு மத்திய வங்கி உண்மையில என்ன செய்யுது? சட்டம் போட்டாக் காணாதா?

சட்டம் மட்டும் காணாது. 200 ரூபாய்க்கு ஒரு டொலர் என்று அறிவித்தால், அந்த விலையில் டொலர் கேட்டு வருகிறவருக்கு யாராவது கொடுக்க வேண்டும். சந்தையில் விற்க வருகிற டொலர் போதாவிட்டால், மிச்சத்தை மத்திய வங்கி தன் கையிருப்பிலிருந்து கொடுக்கிறது. டொலர் கூடி வந்தால் அதே விலையில் வாங்கிக்கொள்கிறது.

இதற்குள் ஒரு சங்கதி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும். மத்திய வங்கி 100 மில்லியன் டொலரை 200 ரூபாய் விலையில் விற்கிறது என்று வையுங்கள். பதிலுக்கு 20 பில்லியன் ரூபாய் அதன் கைக்கு வருகிறது. அந்த ரூபாய் வங்கிகளின் கையிலிருந்து மறைந்துவிடுகிறது. வங்கிகளிடம் காசு குறைந்தால் வட்டி ஏறும். வட்டி ஏறினால் கடன் எடுத்து வாகனம் வாங்குகிறவரும், சரக்கு இறக்குகிறவரும் கொஞ்சம் பொறுப்பார்கள். இறக்குமதி குறையும், டொலரைத் தேடி வருகிறவரும் குறைவார். ஆக டொலர் விற்பது என்பதே ஒரு பிரேக். அந்தப் பிரேக்கைத் தன் வேலையைச் செய்ய விட்டால் பெக் நிற்கும்.

3. மிதவையிலயும் மத்திய வங்கி டொலர் விக்குதுதானே. பிறகென்ன வித்தியாசம்?

வித்தியாசம் வாக்குறுதியில் இருக்கிறது. பெக்கில் மத்திய வங்கி ஒரு எண்ணைச் சொல்லிவிட்டது. எவ்வளவு டொலர் செலவழிந்தாலும் அந்த எண்ணைக் காப்பாற்றியாக வேண்டும். மிதவையில் அது எந்த எண்ணையும் சொல்லவில்லை. இன்றைக்கு 200 மில்லியன் விற்றுவிட்டு நாளைக்கு ஒன்றும் விற்காமல் இருக்கலாம். விலை இரண்டு ரூபாய் நகர்ந்தால் அது செய்தி, அவ்வளவுதான். யாரும் “உடைந்துவிட்டது” என்று சொல்ல முடியாது, ஏனென்றால் உடைவதற்கு ஒன்றும் அங்கே இல்லை.

இந்தியாவில் 2013இல் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்க மத்திய வங்கி மாதாமாதம் பத்திரம் வாங்கிப் பணம் விடுவதை மெல்லக் குறைக்கப் போகிறது என்று மே மாதம் சொன்னதும் முதலீட்டாளர்கள் டொலரை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். 55 அளவில் இருந்த இந்திய ரூபாய் ஆகஸ்ட் கடைசியில் 68ஐத் தாண்டியது. பெரிய வீழ்ச்சிதான். ஆனால் வங்கிகளில் டொலர் இல்லை என்ற நிலை வரவில்லை, மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசை வரவில்லை. விலை ஏறியதே டொலர் கேட்பவர்களைக் குறைத்தது, வெளியே இருந்த டொலரை உள்ளே வரவும் வைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ரூபாய் 62 அளவுக்குத் திரும்பியது.

4. இலங்கை 2001லயே ரூபாயை மிதக்க விட்டிட்டுது எண்டு புத்தகத்தில இருக்கு. நீங்க பெக் எண்டு சொல்லுறியள்?

புத்தகத்தில் இருப்பது சரி. 2001 ஜனவரியில் மிதக்க விடுவதாக அறிவித்தார்கள், அந்த அறிவிப்பு பிறகு மாற்றப்படவும் இல்லை. ஆனால் ஒரு நாடு தன் முறைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என்பது ஒன்று, நடைமுறையில் என்ன செய்கிறது என்பது வேறு. சர்வதேச நாணய நிதியமும் இதனால்தான் ஒவ்வொரு நாட்டையும் அது சொல்வதை வைத்து ஒரு முறையும், செய்வதை வைத்து ஒரு முறையும் வகைப்படுத்துகிறது.

2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் 7 வரை டொலரின் விலை 200க்கும் 203க்கும் இடையில் அசையாமல் நின்றது. ஆறு மாதம். அதே காலத்தில் கையிருப்பு கரைந்தது, வங்கிகளில் டொலர் கிடைக்கவில்லை, வெளியே வேறு விலை ஓடியது. மிதக்கிற நாணயம் அப்படி ஒரே இடத்தில் நிற்காது. அறிவிக்காவிட்டாலும் அது பெக்தான். என்னைக் கேட்டால், அறிவிக்காத பெக் இன்னும் மோசமானது. அறிவித்த பெக்கில் அதைக் காப்பாற்ற என்னென்ன செய்ய வேண்டும் என்ற ஒழுங்காவது எழுத்தில் இருக்கும்.

5. டொலர் முடிஞ்சுது, அதால உடைஞ்சுது. இதில விளங்காம என்ன இருக்கு?

டொலர் ஏன் முடிந்தது என்பதுதான் விளங்க வேண்டியது. 2019 கடைசியில் மத்திய வங்கியிடம் ஏறத்தாழ 7.6 பில்லியன் டொலர் இருந்தது. 2021 நவம்பர் கடைசியில் 1.6 பில்லியன், அதாவது ஒரு மாத இறக்குமதிக்கும் காணாத அளவு. கொவிட் வந்து சுற்றுலா நின்றது உண்மை. வெளிநாட்டுக் கடன் பத்திரங்களைத் திருப்பிக் கட்டியதும் உண்மை: 2020 ஒக்டோபரில் 1 பில்லியன், 2021 ஜூலையில் 1 பில்லியன், 2022 ஜனவரியில் 500 மில்லியன். கடன் தரம் இறங்கிவிட்டதால் புதிதாகக் கடன் எடுத்து இவற்றைக் கட்ட முடியவில்லை.

ஆனால் 2ஆம் கேள்வியில் சொன்ன பிரேக்கை நினைத்துப் பாருங்கள். டொலரை விற்கும்போது ரூபாய் உள்ளே இழுக்கப்பட வேண்டும், வட்டி ஏற வேண்டும். இங்கே அது நடக்க விடப்படவில்லை. 2019 டிசம்பரில் வரிகளைப் பெரிதாகக் குறைத்தார்கள், பெறுமதி சேர் வரி மட்டும் 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. அரசின் வருமானம் சுருங்கியது. செலவுக்குக் காசு தேடி அரசு தன் குறுங்காலக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களை ஏலத்தில் விட்டது. அந்த ஏலங்களில் இவ்வளவுக்கு மேல் வட்டி கொடுக்க மாட்டோம் என்று ஓர் உச்சவரம்பு நீண்ட காலம் இருந்தது. அந்த வட்டிக்கு வாங்க வங்கிகள் விரும்பவில்லை. மிஞ்சியதை மத்திய வங்கியே புதுக் காசு கொடுத்து வாங்கியது. அதைத்தான் சனங்கள் அச்சடித்தல் என்று சொல்கிறார்கள், அந்தச் சொல் பிழையில்லை. 2019 கடைசியில் மத்திய வங்கியிடம் இருந்த திறைசேரி உண்டியல்கள் ஏறத்தாழ 75 பில்லியன் ரூபாய்க்கு. இரண்டே ஆண்டில், 2021 கடைசியில், அது 1,400 பில்லியனைத் தொட்டது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கையால் 20 பில்லியன் ரூபாயை டொலர் கொடுத்து உள்ளே இழுத்தார்கள், மற்றக் கையால் அதைவிடக் கூடுதலாக வெளியே விட்டார்கள். வெளியே போன ரூபாய் சம்பளமாகவும் மானியமாகவும் கடனாகவும் மாறி, கடைசியில் இறக்குமதிச் சாமானைத் தேடிக்கொண்டு திரும்பவும் டொலர் வாசலுக்கே வந்தது. கையிருப்பு ஐந்து மடங்கு இருந்திருந்தாலும் இந்தச் சுற்று நின்றிருக்காது. கையிருப்பு எவ்வளவு என்பது எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கலாம் என்று சொல்லும். உடையுமா நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது வட்டியும் பண அளவும்.

6. வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் உண்டியல்ல காசு அனுப்பினதாலதான் ரூபாய் விழுந்தது எண்டு சொல்லினமே?

முதலில் ஒரு சொல் விளக்கம். மேலே வந்த திறைசேரி உண்டியல் அரசின் குறுங்காலக் கடன் பத்திரம். நீங்கள் கேட்கிற உண்டியல் வங்கிக்கு வெளியே காசு மாற்றுகிற வழி. ஒரே சொல்லாக இருப்பதால் பரீட்சையிலும் பிள்ளைகள் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். தோஹாவில் வேலை செய்கிற ஒருவர் 500 டொலர் பெறுமதியான ரியாலை வீட்டுக்கு அனுப்புகிறார். வங்கி விலை 203 என்றால் வீட்டுக்கு 101,500 ரூபாய் வரும். உண்டியல்காரர் 245 தருகிறார் என்று வையுங்கள். 122,500 வரும். வித்தியாசம் 21,000. ஒரு குடும்பத்தின் ஒரு மாத அரிசி, பருப்பு, பிள்ளையின் வகுப்புக் காசு எல்லாம் அதற்குள் வந்துவிடும். 2021 டிசம்பரில் மத்திய வங்கி டொலருக்கு மொத்தம் 10 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தது. 213க்கும் 245க்கும் இடைவெளி இன்னும் பெரிதுதான்.

உண்டியலில் போகும்போது டொலர் மாயமாகிவிடுவதில்லை. தோஹாவில் அவர் கொடுத்த ரியால் அங்கேயே நிற்கிறது. இங்கே வங்கியில் டொலர் கிடைக்காத ஒரு இறக்குமதியாளர், தன் சரக்குக்கான காசை அந்த ரியாலிலிருந்து அங்கேயே கட்டுவிக்கிறார். அதற்கான ரூபாயை இங்கே உண்டியல்காரரின் ஆளிடம் கொடுக்கிறார். அந்த ரூபாய்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. சந்தை நடந்துகொண்டுதான் இருந்தது, வங்கிக்கு வெளியே.

2020இல் வங்கி வழியாக வந்த பணம் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5, 2022இல் 3.8. இது பெக்கை வேகமாகச் சாய்த்தது, மறுக்கவில்லை. ஆனால் தொடக்கம் அங்கே இல்லை. 203 என்ற விலை நடப்புக்குப் பொருந்தாமல் போனதால்தான் 245 என்ற இன்னொரு விலை பிறந்தது. தகப்பன் வெயிலில் உழைத்த காசுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் வழியைத் தேடிய குடும்பங்களைத் துரோகிகள் போலப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். அது எனக்கு மனவருத்தம் தந்த பேச்சு.

7. 203ல வச்சிருந்ததால சாமான் விலையாவது குறைவா இருந்ததுதானே சேர்?

கிடைத்தவருக்குக் குறைவு. 203 ரூபாய் விலையில் டொலர் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. விலை ஏற முடியாத இடத்தில் வரிசை வரும், இது டொலருக்கும் பொருந்தும். இறக்குமதிச் சரக்குக்குக் காசு வரும் என்று வங்கி உறுதி கொடுக்கிற நாணயக் கடிதத்தை யாருக்குத் திறப்பது என்று வங்கிகள் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. பால்மா இல்லாமல் போனது, எரிவாயுவுக்கு வரிசை வந்தது, துறைமுகத்தில் வந்த கொள்கலன்கள் கட்டணம் கட்ட டொலர் இல்லாமல் தேங்கி நின்றன. வேறு வழியில் டொலர் வாங்கி இறக்கியவர்கள் 240, 250 விலைக்கணக்கில்தான் சாமானை விற்றார்கள்.

8. பெப்ரவரியில 2.3 பில்லியன் இருக்கு எண்டு அறிக்கை வந்தது. அப்ப ஏன் எண்ணெய்க் கப்பலுக்குக் காசு இல்லை?

அறிக்கையில் இருப்பதும் கையில் எடுத்துச் செலவழிக்கக்கூடியதும் ஒன்றல்ல. அந்த 2.3 பில்லியனில் 1.5 பில்லியன் அளவுக்குச் சீன மத்திய வங்கியோடு செய்த யுவான் பரிமாற்ற ஏற்பாடு, அதாவது திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு வகைக் கடன். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்று நிபந்தனை. அப்படிக் கையிருப்பு இருந்தால் அது தேவையே இல்லை. மே மாதத்தில், பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலரும் இல்லை என்று நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

தாய்லாந்திலும் 1997இல் இதுதான் நடந்தது, வேறு வடிவத்தில். 30 பில்லியன் டொலருக்கு மேல் கையிருப்பு இருப்பதாக வெளியே தெரிந்தது. அதில் 23 பில்லியனுக்கு மேல் முன்னோக்கிய ஒப்பந்தங்களில், அதாவது பிறகொரு நாளில் டொலர் தருகிறோம் என்ற வாக்குறுதிகளில், ஏற்கெனவே கட்டுண்டு போயிருந்தது. ஆகையால் கையிருப்பு எண் ஒன்றைப் பார்த்தால் இரண்டு விஷயம் கேளுங்கள்: இதில் கடனாக வந்தது எவ்வளவு, ஏற்கெனவே விற்று முடிந்தது எவ்வளவு.

9. சோரோஸ் மாதிரி ஆக்கள் வந்து தாக்கினதாலதானே தாய்லாந்தில உடைஞ்சது? எங்களுக்கும் அப்படி யாராவது செய்தவையா?

தாக்கியது உண்மை. சோரோஸ் போன்ற ஊக வணிகர்கள் தாய்லாந்தின் நாணயமான பாத்தைக் கடனாக வாங்கி விற்று டொலராக்கினார்கள். பாத் விழுந்த பிறகு மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்தால் லாபம். அதற்கு மத்திய வங்கியின் வழக்கமான மருந்து வட்டியை ஏற்றுவது, பாத்தைக் கடன் வாங்குகிற செலவு கூடினால் ஊகம் கட்டுப்படியாகாது. தாய்லாந்து ஏன் போதுமான அளவு ஏற்றிப் பிடிக்க முடியவில்லை என்பதுதான் கேள்வி. அங்கே நிதி நிறுவனங்கள் டொலரில் கடன் வாங்கி, கட்டடத் தொழிலுக்குப் பாத்தில் கடன் கொடுத்திருந்தன. அந்தக் கடன்கள் ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருந்தன. வட்டியை ஏற்றினால் அவை விழும், ஏற்றாவிட்டால் பாத் விழும். 1997 ஜூலை 2இல் மிதக்க விட்டார்கள். 25இல் இருந்த டொலர் அடுத்த ஜனவரியில் 50ஐத் தாண்டியது. அந்தக் கோடையில் 58 நிதி நிறுவனங்களின் செயற்பாடு நிறுத்தப்பட்டது.

இலங்கையில் அப்படி வெளியார் தாக்குதல் தேவைப்படவில்லை. ரூபாயை வெளிநாட்டில் இருந்துகொண்டு பெரிய அளவில் கடன் வாங்கி விற்கிற சந்தையே இல்லை. இங்கே நடந்ததை 5ஆம் விடையில் சொல்லிவிட்டேன். ஊக வணிகர் வந்தாலும் வராவிட்டாலும் பொதுவாக இருப்பது ஒன்று: பெக்கைக் காக்கத் தேவையான வட்டியை உள்நாடு தாங்க முடியாத நிலை. தாய்லாந்தில் தாங்க முடியாதவை நிதி நிறுவனங்கள், இங்கே அரசின் கடன்.

10. அப்ப சவூதி, டுபாய், ஹொங்கொங் எல்லாம் நிக்குதே. அவையள் என்ன வித்தியாசமாச் செய்யினம்?

சவூதியிலும் அமீரகத்திலும் எண்ணெய் டொலரில் விற்கிறது, அந்த டொலர் நேராக அரசின் கைக்கு வருகிறது. அவர்கள் டொலருக்காக யாரையும் காத்திருக்கத் தேவையில்லை. இன்னொன்று, அமெரிக்கா வட்டியை ஏற்றினால் அன்றே, இல்லாவிட்டால் மறுநாள், இவர்களும் ஏற்றுவார்கள். தங்கள் நாட்டு நிலைமைக்கு அது பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. பெக் வைத்துக்கொண்டு சொந்த வட்டி வைத்துக்கொள்ள முடியாது என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஹொங்கொங் இன்னும் கடுமை. 1983 ஒக்டோபரில் ஒரு அமெரிக்க டொலருக்கு 7.80 என்று கட்டினார்கள். அங்கே அடிப்படைப் பணம் முழுவதற்கும் அமெரிக்க டொலர் பின்னால் இருக்க வேண்டும், டொலர் வெளியே போனால் உள்ளூர்ப் பணம் தானாகச் சுருங்கும், அதை நிரப்பத் திறைசேரி உண்டியல் வாங்க முடியாது. 2ஆம் விடையில் சொன்ன பிரேக் அங்கே தானாகவே பிடிக்கும். 1997 ஒக்டோபர் 23இல் ஹொங்கொங் டொலர் தாக்கப்பட்டபோது ஓரிரவு வட்டி 280 சதவீதம் வரை போனது. பங்குச் சந்தை சரிந்தது, வீட்டு விலை பிறகு ஆண்டுக்கணக்கில் இறங்கியது, வேலை போனது. 7.80 நின்றது. அந்த விலையைக் கொடுக்க ஒரு சமூகம் தயாரா என்று கேட்டுத்தான் பெக் வைக்க வேண்டும்.

11. டொலர் கையிருப்பு தாராளமா இருந்தா ஒருநாளும் உடையாது, சரிதானே?

சரியில்லை. சுவிட்சர்லாந்து 2011 செப்டெம்பரில் ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று சொன்னது. அங்கே பிரச்சினை எதிர்ப்பக்கம்: உலகமே பிராங்கை வாங்க ஓடி வந்தது. தடுக்கிறதுக்கு மத்திய வங்கி பிராங்கை உருவாக்கி யூரோவை வாங்கினால் போதும். சொந்தக் காசு ஒருபோதும் தீராது. அப்படியும் 2015 ஜனவரி 15இல் முன்னறிவிப்பில்லாமல் விட்டுவிட்டார்கள். ஐரோப்பிய மத்திய வங்கி பெரிய அளவில் பத்திரம் வாங்கும் திட்டத்தை அடுத்த வாரம் அறிவிக்க இருந்தது, யூரோ இன்னும் இறங்கும், வாங்கிக் குவிக்க வேண்டிய யூரோவுக்கு எல்லையே தெரியவில்லை. பலவீனமான நாணயத்தைப் பிடிக்கும்போது டொலர் தீர்ந்து வேறு வழியில்லாமல் உடைகிறது. பலமான நாணயத்தைப் பிடிக்கும்போது மத்திய வங்கி தானே முடிவெடுத்து விடுகிறது.

12. மார்ச் 7ல 230க்கு மேல போகாது எண்டு சொன்னவை. பிறகு எப்படி 360 வந்தது?

இதைத்தான் நிறையப் பேர் கேட்டார்கள், பெற்றோர்தான் கூட. பலர் மிதக்க விட்டதே பிழை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மிதக்க விட்டது நாள் பிந்தி நடந்தது, அதுவும் பாதியாக நடந்தது. 230 என்று சொன்னதும் அது மிதவையாக இல்லை, இன்னொரு பெக்தான். வெளியே ஏற்கெனவே அதைவிடக் கூடிய விலை ஓடிக்கொண்டிருந்ததால் அந்த எண் சில நாட்கள்கூட நிற்கவில்லை. மாதக் கடைசியில் டொலர் 300ஐ நெருங்கியது. முக்கியமான தவறு வட்டியில். மார்ச் 4இல் மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கிற வட்டியான கடன் வசதி வட்டியை 7.5 சதவீதமாக்கியது. அந்த நேரம் கொழும்பு விலைவாசி ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. 7.5 சதவீதத்துக்குக் கடன் எடுத்து எந்தச் சாமானை வாங்கிப் போட்டாலும் லாபம், டொலரை வாங்கிப் போட்டால் இன்னும் லாபம். ஏற்றுமதியாளரும் டொலரை மாற்றாமல் வைத்திருப்பார். எல்லாரும் டொலர் பக்கம் நிற்கும்போது கையிருப்பும் இல்லை, வட்டியும் இல்லை என்றால் விலைக்கு ஓட்டம் மட்டும்தான் மிச்சம்.

ஏப்ரல் 8இல் ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றி 14.5 ஆக்கினார்கள். நான்கு நாள் கழித்து வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். திறைசேரி உண்டியல் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியது. மே நடுப்பகுதியில் டொலர் 360இல் வந்து நின்றது. சனங்களுக்கு அது பெரிய அடி: செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். ஆறு மாதம் 203இல் பிடித்து வைத்த காலத்துக்கான கணக்கு ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தது.

13. மே மாதத்துக்குப் பிறகு 360லயும் மத்திய வங்கிதானே பிடிச்சு வச்சது? அது மட்டும் ஏன் உடையேல்லை?

நல்ல கேள்வி, வகுப்பில் இதைக் கேட்ட பிள்ளைக்கு நான் அன்றைக்கு உடனே விடை சொல்லவில்லை, யோசித்துவிட்டு அடுத்த வகுப்பில் சொன்னேன். ஆம், 2022 மே முதல் மத்திய வங்கி நாள்தோறும் ஒரு நடு விலையைச் சொல்லி, வங்கிகளை அதற்குப் பக்கத்தில் நிற்கச் செய்தது. 2023 மார்ச் வரை விலை 360ஐச் சுற்றியே இருந்தது. பார்வைக்கு அதுவும் 203 போலத்தான்.

உள்ளே வேறு. வட்டி உயரத்தில் இருந்தது, தனியார் கடன் சுருங்கியது, இறக்குமதி விழுந்தது, வெளிநாட்டுக் கடன் கட்டுவதும் நின்றிருந்தது. அந்த விலையில் டொலர் கேட்பவரைவிட விற்பவர் மெல்லமெல்லக் கூடினார். அதனால் 2023 மார்ச்சில் கட்டை அவிழ்த்தபோது டொலர் ஏறவில்லை, இறங்கியது. பெக்கை அவிழ்க்கிற நேரம் இதுதான், டொலர் வந்துகொண்டிருக்கும்போது. வங்கி வழிப் பணமும் அந்த ஆண்டில் 6 பில்லியன் அளவுக்குத் திரும்பியது.

14. உடையப்போகுது எண்டு முன்கூட்டியே எங்களுக்குத் தெரிய ஏதும் வழி இருக்கா?

நாளைச் சொல்ல யாராலும் முடியாது. நான் முதலில் பார்ப்பது வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் இடைவெளி. இரண்டு மூன்று ரூபாய் எப்போதும் இருக்கும். அது இருபது, முப்பது ஆகி அங்கேயே நின்றால் பெக் ஏற்கெனவே பாதி உடைந்துவிட்டது. அடுத்தது கையிருப்பு, 8ஆம் விடையில் சொன்னபடி கடனையும் வாக்குறுதியையும் கழித்துவிட்டு. மூன்றாவது, மத்திய வங்கி வைத்திருக்கும் திறைசேரி உண்டியல்களின் தொகை. கையிருப்பு இறங்க இறங்க அது ஏறினால், பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒன்றாக மிதிபடுகின்றன. இந்த இரண்டு எண்களும் மத்திய வங்கியின் இணையத்தளத்திலேயே வருகின்றன, தேடிப் பார்க்கலாம்.

கட்டுப்பாடுகளும் செய்தி சொல்லும். 2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2021 செப்டெம்பரில் 623 வகைப் பொருட்களுக்கு முழுக் காசையும் முன்வைப்பாகக் கட்டினால்தான் இறக்கலாம் என்றார்கள். விலை செய்ய வேண்டிய வேலையை ஒவ்வொன்றாகச் சட்டம் செய்யத் தொடங்கினால், அந்த விலை சரியில்லை என்று அர்த்தம்.

15. இப்ப நாங்க எந்த முறையில இருக்கிறம்?

நிர்வகிக்கப்படும் மிதவை என்று சொல்லலாம். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டப்படி குறி வைப்பது டொலர் விலையை அல்ல, பணவீக்கத்தை. அந்தக் குறி 5 சதவீதம். டொலர் மலிவாகக் கிடைக்கும் நாட்களில் மத்திய வங்கி வாங்கிச் சேர்க்கிறது, ஆட்டம் கூடினால் விற்கலாம், ஒரு எண்ணைக் காப்பாற்றும் கடமை இல்லை. அதே சட்டம் அரசின் திறைசேரி உண்டியல்களை ஏலத்தில் நேரடியாக வாங்குவதையும் தடுத்திருக்கிறது. 5ஆம் விடையில் சொன்ன மற்றக் கையைக் கட்டியது அந்தப் பிரிவுதான். டொலர் விலை நாளைக்கு ஐந்து ரூபாய் ஏறினால் பயப்பட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். பல மாதம் ஒரு சதமும் அசையாமல் நின்று, தெருவில் வேறு விலை ஓடத் தொடங்கினால் அப்போது என்னிடம் வந்து கேளுங்கள் என்றும் சொல்கிறேன்.